ஆவுடைத்தாய் குரூப் மாறிய வாரம்

என் தங்கை ஆவுடைத்தாய் நானூறு மீட்டர் ஓடுகிறவள். அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பா சண்முகவேலின் நூல் கடைக்கு வருகிறவர்கள்கூட, "ஓட்டக்காரப் புள்ள வீடுதானே" என்று கேட்டுவிட்டுத்தான் நூல் விலை கேட்பார்கள். 1978 ஜனவரியில் விருதுநகரில் நடந்த போட்டியில், ஓட்டம் முடிந்த கையோடு ஆள் குறைகிறதென்று நீளம் தாண்டவும் போனாள். மணலில் இறங்கியபோது வலது முழங்கால் திரும்பிவிட்டது. மூன்று மாதம் எண்ணெய்க் கட்டு. காலைப் பெஞ்சின் மேல் நீட்டி வைத்துக்கொண்டுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். கட்டைப் பிரித்தபோது தொடை பாதியாக வற்றிப்போயிருந்தது.

மே மாதம் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இனி ஓட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நடை சரியாக வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து உடற்பயிற்சி எடுக்கச் சொன்னார். வயசுப் பெண்ணைத் தனியே அனுப்ப மாட்டார்கள் என்பதால் பஸ்ஸில் கூடப் போவது என் வேலையாயிற்று. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். போன இடத்தில் பேசத் தெரியாது, பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று புதிதாக வந்தது. எந்த குரூப் எடுப்பது என்று ஊரே குழம்பிக் கிடந்தது. சயின்ஸ் குரூப் எடுத்தால் டாக்டர், காமர்ஸ் எடுத்தால் பாங்கு என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. விளையாடுகிற பிள்ளைகளை விளையாட்டு டீச்சர் சந்தனம்மாள் தனியே கூப்பிட்டுப் பேசினார். நானும் ஓரமாக நின்றேன்.

"ஆடினது போதும்னு யாரும் நினைக்காதீக. என்னை மாதிரி டீச்சர் ஆகலாம். அதுக்கு எந்த குரூப்பும் ஆகும். பள்ளிக்கூடம் முடிச்சு ஒரு வருஷப் பயிற்சி. பெரிய வகுப்புக்குப் போகணும்னா பட்டம் முடிச்சிட்டு ஒரு வருஷம்."

"எந்த குரூப்பும் ஆகும்" என்பதை அப்பா பிடித்துக்கொண்டார்.

"அப்ப காமர்ஸ் எடு. டீச்சர் வேலை கிடைக்கலேன்னாலும் கடைக்கு ஆகும்."

ஆவுடையும் சரியென்றாள். ஓட முடியாது என்றான பிறகு எதைக் கேட்டாலும் அவளுக்குச் சரிதான். அப்பா கையெழுத்துப் போட்ட படிவம் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போயிற்று.

மறுநாள் செவ்வாய். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா, ஆவுடையின் கணுக்காலில் மணல் பையைக் கட்டி, மடக்கிய முழங்காலை நேராக நீட்டச் சொன்னார்.

"பத்து தடவை. ஏழுல நிறுத்துற, எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?"

"வலிக்குதுக்கா."

"வலிச்சா சொல்லு, நிறுத்துவோம். சோம்பல்னா நிறுத்த மாட்டேன். போன வாரம் மெட்ராசுல இருந்து ஒரு ஹாக்கிக்காரன் வந்தான். உன்னைவிட மோசம். குழந்தை மாதிரி அழுதான்."

ஆவுடை நீட்டிய காலை மடக்காமல் நிறுத்தினாள். "ஆட்டக்காரங்க காலையும் நீங்கதான் பார்ப்பீகளா? இதுக்கு என்ன படிக்கணும்?"

"முதல்ல பயாலஜி படிச்சிருக்கணும். கூடவே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. அது இல்லாம இந்தப் படிப்புக்கு மனுவே வாங்க மாட்டாங்க. நீ என்ன எடுத்திருக்க?"

அவள் மிச்சம் மூன்று தடவையையும் நீட்டி முடித்தாள். திரும்பி வரும்போது பந்தயத்துக்கு நிற்பதுபோல் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இடம் இருந்தும் உட்காரவில்லை.

புதன்கிழமை காலையில் சந்தனம்மாள் டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சருக்கு முகம் சிறுத்துப்போயிற்று.

"நான் பார்க்கிற வேலையைத்தான்டி நான் சொன்னேன். மத்ததை யோசிக்கவே இல்லை."

அன்று மத்தியானமே பிள்ளைகளை மறுபடியும் கூட்டினார்.

"விருதுநகர்ல அன்னைக்கு கிரவுண்டுல ஓடாம நின்னவுக எத்தனை பேர்? யோசிங்க."

"துப்பாக்கி சுட்டவரு."

"அவரு ஸ்டார்ட்டர், ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறவரு. பொழைப்பு வாத்தியார் வேலை, அன்னைக்குக் கிடைச்சது பயணப்படியும் சாப்பாட்டுப் பொட்டலமும். நடுவரும் அப்படித்தான். விளையாட்டுச் சங்கத்துப் பரீட்சை எழுதி விசில் வாங்கலாம், ஆனா விசிலை நம்பி உலை வைக்க முடியாது. வேற வேலை வேணும். அடுத்து?"

"பேப்பர்க்காரரு!"

"அவருக்குத் தமிழும் இங்கிலீசும் நல்லா வரணும். குரூப் எதுவானாலும் சரி. கோச் ஆகணும்னா நல்லா ஆடின சர்டிபிகேட்டு, பட்டம், அதுக்கு மேல பஞ்சாப் பக்கம் பாட்டியாலாவுல கோச் படிப்பு. அடிபட்டவளைத் தூக்கி நிறுத்துற வேலைக்கு மட்டும் பயாலஜி இல்லாம முடியாது. இப்ப விட்டா பெறகு திரும்ப வர முடியாது."

"அப்ப நான் விட்டுட்டேனா டீச்சர்?" என்றாள் ஆவுடை.

சயின்ஸ் குரூப்பில் நாற்பது பேர்தான். முப்பத்தொன்பது ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பட்டியல் மூடும். அதற்குள் தகப்பனார் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் மாற்றலாம் என்று தலைமையாசிரியை சொன்னார்.

ஆவுடை சொன்னதைக் கேட்டதும் அப்பா தராசைக் கீழே வைத்தார்.

"கண்டவன் காலைப் பிடிக்கிற வேலையா? ஆம்பளைக காலு! நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

"டாக்டரம்மா பிடிக்கலாமாப்பா?"

"அது டாக்டரு."

அன்று இரவு வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆவுடை அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். கால் விந்தல் குறைந்திருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, அப்பா மதுரைக்கு நூல் எடுக்கப் போகிற நாள். "அந்த இடத்தை நீங்களே ஒரு தடவை பார்த்துட்டு வாங்கப்பா" என்று நான் சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய பேச்சு வருமென்று அவரும் எதிர்பார்க்கவில்லை. என்னையும் வரச் சொன்னார்.

அன்று ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் பந்தல்குடி ராஜகுரு உட்கார்ந்திருந்தார். லாரி வைத்திருப்பவர், அப்பாவுக்கு ஒரு வயது மூத்தவர், பழைய பழக்கம். தோள் இறுகிப்போய்ச் சட்டை மாட்ட முடியாமல் நாலு மாதமாக இருந்தவர். பயிற்சி அம்மா அவர் கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினார்.

"யம்மா தாயே, மெதுவா!" என்று கத்தியவர் அப்பாவைப் பார்த்ததும் சிரித்தார். "ஏலே சண்முகவேலு, நீ எங்கலே இங்க? பார்த்துக்க, எட்டு ஊரு வைத்தியன் காசு தின்னான், இந்த அம்மாதான் கையைக் காதுவரைக்கும் கொண்டாந்தாக."

"வலிக்குதா அண்ணாச்சி?"

"வலிக்காம? நீ வந்து உட்காந்து பாரு. உன் வாயை நல்லாத் திறந்துவிடுவாக."

அந்த அம்மா சிரிக்கவில்லை. கையில் கோணம் அளக்கிற கருவியை வைத்துப் பார்த்து, சீட்டில் ஒரு எண்ணை எழுதினார். "போன வாரத்துக்குப் பத்து டிகிரி கூடியிருக்கு. வீட்டுலயும் செய்யுங்க" என்றார். அப்பா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அருப்புக்கோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, "அந்த அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். தாலி பார்த்தேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை கடையை என்னிடம் விட்டுவிட்டு அப்பா ஆவுடையோடு பள்ளிக்கூடம் போனார். தலைமையாசிரியை, "நல்லா யோசிச்சிட்டீங்களா? தவளை அறுக்கணும், பாதியில ஓடிவரக் கூடாது" என்றாராம். "ஓடத்தான் டாக்டர் வேண்டாம்னுட்டாரே" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பிறகு நாற்பதாவது பெயராக ஆவுடையைக் கையால் எழுதிச் சேர்த்தார்கள். மற்றதெல்லாம் டைப் அடித்த பெயர்கள்.

மதியம் திரும்பி வந்தவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். பையைக்கூடக் கழற்றாமல் கல்லாவின் முன் நின்றாள்.

"அக்கா, கெமிஸ்ட்ரி எனக்கு வருமா? ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் படிப்புக்குக் காலேஜுல எத்தனை பேரை எடுப்பாக? டீச்சருக்கும் தெரியலைங்குறாக."

செவ்வாய்க்கிழமை போகும்போது அந்த அம்மாவிடம் கேட்கலாம் என்றேன்.

"செவ்வாய் வரைக்குமா?" என்றாள்.