அக்காவுக்கு நான் கொடுத்த இரும்பு

குளித்து முடித்ததும் அக்காவுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தோலில் ஒரு தடிப்புகூட இருக்காது. நான்கு முறை சோப்பை மாற்றினோம். முகமும் கண்ணும் சிவந்தே கிடந்தன. அதை நல்ல ரத்தம் என்று வீட்டில் மெச்சிக்கொண்டோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அக்கா ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நான் கெலுகோரில் ஒரு கிளினிக்கில் டிஸ்பென்சர், மருந்து எடுத்துக் கொடுப்பவன். தலைவலி தாங்க முடியாமல் போனபோதுதான் அக்கா பெரிய மருத்துவமனைக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா, அக்காவின் ரத்தத்தை நிரப்பி இயந்திரத்தில் சுழற்றி எடுத்த மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை எங்களிடம் காட்டினார். அடியில் சிவப்பணுக்கள், மேலே வெளிறிய நீர். சிவப்பு பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

"நூறு பங்குல அம்பத்தெட்டு சிவப்பணு. நாப்பத்தஞ்சுக்குக் கீழ வரணும். ரத்தம் கஞ்சி மாதிரி கெட்டியா இருந்தா எங்கயாவது உறைஞ்சி அடைச்சிக்கும். மூளையில, இருதயத்துல, கண்ணுல."

நோயின் பெயர் பாலிசைத்தீமியா வேரா. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் பிறக்கும் தாயணு ஒன்று கட்டுப்பாடு மீறிப் பெருகுவதால் வருவது. இதே வகை நோய்கள் இன்னும் சில உண்டு. ஒன்றில் தட்டணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும். இன்னொன்றில் மஜ்ஜை நார் பாய்ந்து இறுகி, மண்ணீரல் வீங்கும். எல்லாமே மெதுவாக நகரும் ரத்தப் புற்றுநோய்கள்தான் என்றார் டாக்டரம்மா. அந்தச் சொல்லைக் கேட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா நின்றபடியே, "சரி டாக்டர், என்ன செய்யணும்?" என்றாள்.

ரத்தத்தை எடுக்க வேண்டும். தானம் கொடுப்பது போலக் கையில் ஊசி குத்தி, ஒரு பை ரத்தம். ஆனால் அதை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், கொட்டிவிடுவார்கள். முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மாதக் கணக்கில் இடைவெளி விட்டு. அக்கா ஒரு முறையும் தவறவில்லை. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மதியம் டைப் அடிக்கப் போய்விடுவாள். சிவப்பு நாற்பத்துநான்குக்கு இறங்கியது. அரிப்பு மட்டும் முழுதாக விடவில்லை.

ஆனால் ஆள் சோர்ந்துபோனாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஐஸ் கச்சாங் வாங்கி, பாகும் பயறும் வேண்டாமென்று வெறும் ஐஸை மட்டும் கறுக்முறுக்கென்று கடித்தாள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன்: இரும்புச்சத்து மிகக் குறைவு. இத்தனை வருஷம் மருந்து கொடுத்தவனுக்கு இது தெரியாதா என்ற திமிர் எனக்கு. டாக்டரம்மாவைக் கேட்கவில்லை. இரும்பு மாத்திரையை ஒரு போத்தலில் போட்டு, 'தினம் மூன்று முறை' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமாடா?"

"சத்து மாத்திரைலாஹ், அக்கா. சும்மா சாப்பிடு."

ஆறாவது வாரம், டைப் அடித்துக்கொண்டிருந்தவளின் இடது கண்ணில் திரை விழுந்தது. பத்து நிமிஷம் அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்வை தானாகத் திரும்பியது. கூட வேலை செய்தவர்கள் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிச் சேர்ந்தபோது டாக்டரம்மா குழாயைக் கையில் வைத்திருந்தார். சிவப்பு ஐம்பத்துமூன்று.

"புதுசா என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். அவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"நான்தான் இரும்பு மாத்திரை கொடுத்தேன்," என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. "ரத்தத்தை எடுக்கிறது இரும்பையும் கொறைக்கத்தான் தம்பி. இரும்பு இல்லாட்டி அந்த மஜ்ஜையால இஷ்டத்துக்குச் சிவப்பணு செய்ய முடியாது. நாங்க பட்டினி போட்டோம், நீங்க சாப்பாடு போட்டுட்டீங்க."

அன்றே ஒரு பை எடுத்தார்கள். அக்கா சட்டைக் கையைத் தானே சுருட்டி நீட்டினாள். "இந்தக் கண்ணு எனக்கு வேணும் டாக்டர். சோர்வுன்னா சோர்வாவே இருந்துட்டுப் போறேன்."

அப்படியே இருந்தாள். பின்னாளில் மஜ்ஜையை அடக்கும் மாத்திரையும் சேர்ந்தது. ரத்தம் எடுப்பது குறைந்தது, சோர்வும் கொஞ்சம் விட்டது. பணி ஓய்வு பெறும் நாள்வரை இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் டைப் அடித்தாள்.

கடைசி நாளன்று அவள் மேஜையைக் காலி செய்ய உதவப் போனேன். இழுப்பறையில் அந்தப் போத்தல் இருந்தது. உள்ளே குண்டூசிகள், வெளியே என் கையெழுத்தில் 'தினம் மூன்று முறை'.

"இதை எதுக்குக்கா இன்னும் வெச்சிருக்கே? தூக்கிப் போடு."

அக்கா அதை எடுத்துக் குண்டூசிகளை மேஜையில் கொட்டினாள். காலிப் போத்தலை என் சட்டைப் பையில் போட்டாள்.

"உன் கவுண்டர்ல வெச்சிக்க," என்றாள். "நாளைக்கும் யாராச்சும் சோர்வா இருக்குன்னு வருவாங்க."