எலுமிச்சம்பழத்து வரவு

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு நான் இரண்டு வருடம் பொருளாளராக இருந்தேன். வடமதுரைப் பக்கத்தில் இந்தப் பதவிக்கு ஒரே தகுதிதான்: வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவனாக இருக்க வேண்டும். திருவிழா முடிந்ததும் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுவது என் வேலை. தலைவருக்கு மாலை, எனக்கு வசவு.

இரண்டாம் வருடம் அம்மன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டோம். கமிட்டித் தலைவரே பதினைந்தாயிரத்து ஒரு ரூபாய்க்கு எடுத்தார். மைக்கில் தன் பெயரை மூன்று தடவை சொல்ல வைத்தார். போதவில்லை போல, நாலாவது தடவை மைக்கை வாங்கி அவரே சொல்லிக்கொண்டார். பழம் வீட்டுக்குப் போனது, பணம் வரவில்லை. கேட்கப் போன மூன்று முறையும் காபி கொடுத்தார். காபி நன்றாகத்தான் இருந்தது.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்த அன்று வீடு தேடி வந்தார். தன் பெயருக்கு எதிரே பாக்கி என்று சுவரில் ஏறினால், மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

“பணம் எங்க போயிரப் போகுது? வரவுலயே எழுதிரு அப்பு.”

எழுதினால் இருப்பு 18,241 ரூபாய் ஆகும். என் கையில் இருந்ததோ 3,240. மீதி எங்கே என்று ஊர் என் சட்டையைத்தான் பிடிக்கும். இவர் பெருமைக்கு நான் பூ விற்ற காசில் தண்டம் கட்ட வேண்டுமா? பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

“சரிண்ணே, எழுதிர்றேன்” என்றேன்.

எழுதினேன். வீட்டுக்கு வீடு வாங்கிய தலைக்கட்டு வரி, நன்கொடை, ஏலம் எல்லாம் சேர்த்து வரவு 1,96,501. செலவு 1,78,260. இருப்பு 18,241. அதற்குக் கீழே, எங்கள் ஊரில் யாரும் எழுதியிராத இரண்டு வரி சேர்த்தேன். பொருளாளர் கையில் 3,240. தலைவர் கையில் 15,001.

மறுநாள் காலையில் தலைவர் வந்து சுவரைப் பார்த்தார். வரவில் தன் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவரே போட்டார். எதையும் கடைசிவரை படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மற்றவர்கள் படித்தார்கள். கோயில் தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்துபோய் ஒரு வாரமாகக் கிடந்தது. புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்ட அட்வான்ஸ் வேண்டும் என்று மெக்கானிக் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே குடத்தோடு நாலைந்து பெண்களும் போனார்கள். “இருப்பு உங்க கையிலதான இருக்காம்ணே” என்று மெக்கானிக் கேட்டாராம்.

சாயங்காலமே பணம் வந்துவிட்டது, அந்த ஒற்றை ரூபாய் உட்பட. மறுநாள் மோட்டார் ஓடியது.

அடுத்த கூட்டத்தில், பெரிய மனுசனை அசிங்கப்படுத்தியவன் என்று சொல்லி என்னைப் பதவியிலிருந்து எடுத்தார்கள். முதலில் கை தூக்கியவர் அந்த மெக்கானிக்.