அம்மா பிடிக்காத கயிறு

யுத்த காலத்தில் நான் சென்னையில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். குமாரபாளையத்திலிருந்து தம்பி ஒரு கார்டு எழுதியிருந்தான். "அம்மா மூன்றாம் முறை விழுந்துவிட்டாள். எலும்பு முறிவு இல்லை. வந்தால் நல்லது." பத்து நாள் விடுப்பு எடுத்து, ஈரோட்டில் ரயிலிறங்கி, ஆற்றைக் கடந்து ஊர் போய்ச் சேர்ந்தேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, தறி நாடாவில் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போன தடம். நான் தொழில் பழக்கத்தில் விசாரித்தேன். எங்கே விழுந்தாய், எந்த நேரம், காலில் என்ன பட்டது?

"பேப்பர்ல போடப் போறியா சாமி? கெழவி உழுந்தா, தறி நிக்கலைன்னு போடு" என்றாள்.

மருமகள், தம்பியின் மனைவி, சமையல் கட்டிலிருந்து பதில் சொன்னாள். "மூணு தடவையும் காலைலதானுங்க மாமா. எந்திரிச்சுப் பொடக்காளிக்குப் போறப்ப. நான் கையப் புடிக்கிறேன்னா உடமாட்டாங்க."

பொடக்காளி என்பது வீட்டின் பின்புறம். குளிப்பதும் மற்றதும் அங்கேதான். அதற்கு மட்டும் யாரும் துணைக்கு வரக்கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். அதைவிட மோசமான ஒன்றை மருமகள் கவனித்திருந்தாள். அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டிருந்தாள். எழுந்ததும் தலை சுற்றுவதற்கு அது போதும். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கட்டிலிலிருந்து பொடக்காளி வரை யார் கையும் இல்லாமல் போய்வர வேண்டும்.

நான் அந்தப் பாதையை நடந்து பார்த்தேன். இருபத்தாறு எட்டு. கட்டில் தாழ்ந்து, கயிறு தொய்ந்திருந்தது. முழங்கால் மார்புக்கு வரும்படி உட்கார்ந்துதான் அம்மா எழுந்தாள். அடுத்து, நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் இரண்டு தறிக்குழிகள். நூல் கிடைக்காததால் ஒன்று சும்மா கிடந்தது, திறந்தபடி. மற்றொன்றில் தம்பி நெய்தான். குழிகளுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி வழி. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அங்கே சிந்திக் காய்ந்து, ஈரம் பட்டால் வழுக்கியது. பின்கதவில் ஒரு முழ உயரப் படி. மண் நிறத்தில் மண் தரை, விளிம்பு கண்ணுக்கே தெரியாது.

இரண்டு நாள் வேலை. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, கயிற்றை இறுக்கினோம். இப்போது உட்கார்ந்தால் பாதம் தரையில் படிந்தது. சும்மா கிடந்த குழியைப் பனம்பலகையால் மூடினோம். கஞ்சியைச் சுரண்டி எடுத்தோம். படியின் விளிம்பில் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு. குளிக்கும் கல்லில் பாசியைத் தேய்த்து எடுத்து, சுற்றிலும் மணல். தரைக்குச் சாணி மெழுகுவதை அம்மா போய் வந்த பிறகு வைத்துக்கொள்ள மருமகள் ஒப்புக்கொண்டாள். அம்மாவின் சேலைக் கரை நாலு விரல் மேலே ஏறியது. அதற்கு மட்டும் முணுமுணுத்தாள்.

கடைசியாகப் பிடிமானம். கட்டிலிலிருந்து பின்கதவு வரை, சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒரு தேங்காய் நார்க் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அம்மாவுக்கு ரயில் ரோடு போட்டுட்டீங்கண்ணா. டிக்கெட்டு யாரு கிழிக்கறது?" என்றான் தம்பி.

"கொண்டாந்து உட்டவனே கிழிக்கட்டும்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, அம்மா எழுந்தாள். சொல்லிக் கொடுத்தபடி கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு நின்றாள். நான் பின்கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலக்கையைக் கயிற்றுக்கு மேலே நீட்டியபடி வந்தாள். கயிற்றைத் தொடவில்லை. விரல்கள் அதற்கு நாலு அங்குலம் மேலே, காற்றில் நகர்ந்து வந்தன. பிடித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

தம்பியின் தறிக்குழி மூலையில் அவளுக்குக் கால் இடறியது. சாய்ந்த அந்த நொடியில் அவள் கை கயிற்றை நோக்கிப் போகவில்லை. நெருப்பைக் கண்டதுபோல அதிலிருந்து விலகி மார்போடு ஒடுங்கியது. இடப்பக்கமாக, மணிக்கட்டு அடியில் மாட்ட, விழுந்தாள்.

கயிறு அசையவே இல்லை.

கட்டுப் போடுகிறவர் வந்து உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவர் போனதும் கேட்டேன்.

"ஏம்மா அதைப் பிடிக்கலை?"

"கயிறுன்னு எனக்குத் தெரியும் சாமி. கைக்குத் தெரியலை."

தம்பி தறியை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து இருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, எனக்குத்தான் தாமதம். தெரு நீளத்துக்குப் பாவு நூலை இடுப்பு உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டும் நாட்களில், நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு எங்கள் தெருவில் கிடைக்கும் முதல் அடி அதைத் தொட்டதற்குத்தான். நானும் வாங்கியிருக்கிறேன். விழுந்தாலும் பாவின் மேல் விழக்கூடாது, இழை அறுந்துவிடும். தடுமாறினால் கையை முதலில் இழுத்துக்கொள்ள வேண்டும். அறுபது வருஷமாக அம்மா விறைப்பாக நிற்கும் எதன்மேலும் பாரம் வைத்ததில்லை. ஊரை விட்டுப்போன நான், அவள் வழி நெடுக, இடுப்பு உயரத்தில், அப்படி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தேன்.

கயிற்றை அறுத்தெறிந்தேன். அம்மா அதற்கும் பதறினாள்: "மெல்ல, மெல்ல!"

பிறகு மூங்கில். சுவரில் முளை அடிக்கலாம் என்றேன்.

"மண் சுவருங்கண்ணா. பாரம் போட்டா முளையோட வந்துரும்" என்றான் தம்பி. சுவரோரமாகத் தரையில் குழி தோண்டி, கவட்டைக் கம்புகளை ஆழ நட்டு, மண்ணை இடித்துக் கெட்டியாக்கி, அவற்றின் மேல் மூங்கிலை வைத்துக் கட்டினோம். அம்மா கையைத் தொங்கவிட்டபோது மணிக்கட்டு எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரம். விரல்கள் நுழையச் சுவருக்கும் மூங்கிலுக்கும் இரண்டு விரல் இடைவெளி. தம்பி தன் முழு எடையையும் அதில் போட்டுத் தொங்கிக் காட்டினான். தனக்குத் தெரிந்த தறிக் கட்டையைத் தொடுவதுபோல அம்மா அதைப் பிடித்தாள்.

தொடர்ந்து நான்கு காலை அவள் அதைப் பிடித்து நடந்தாள். தண்ணீரும் குடித்தாள். நான் கிளம்பும் நாளன்றும் பின்கதவுப் பக்கம் நின்றிருந்தேன்.

மூங்கில் பின்கதவு நிலையோடு முடிந்தது. பொடக்காளியில் அதேபோல் நட்டிருந்த இன்னொரு மூங்கில் படிக்கு வெளியே தொடங்கியது. நடுவே கதவு. கதவு திறக்க வேண்டும், பாவு உருளையை வெளியே எடுத்துப் போக வேண்டும். அங்கே எதையும் நட வழியில்லை. நான்கு காலையும் அந்த இடத்தை அம்மா வெறும் கையோடுதான் தாண்டினாள். நிலையில் பிடிக்கக் கட்டை அடித்துப் பார்த்தோம்; உளுத்த மரம், ஆணி நிற்கவில்லை. நூல் வந்து இரண்டு தறியும் ஓடட்டும், அப்புறம் புது நிலை போடலாம் என்றான் தம்பி.

அம்மா மூங்கிலின் முனைக்கு வந்தாள். வலக்கை அதிலேயே இருந்தது. கட்டுப்போட்ட இடக்கை மார்பில். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். ஒரு காலை இறக்க வேண்டும். இறக்கினால் அடுத்த மூங்கிலுக்கு ஒன்றரை முழம் எட்ட வேண்டும்.

நான் கையை நீட்டினேன்.

"கைய எடு" என்றாள்.

எடுத்தேன். வாசலில் மாட்டு வண்டிக்காரன் கூப்பிட்டான். அவள் மூங்கிலிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள். அந்த ஒன்றரை முழத்துக்கு இரண்டு பக்கமும் எதுவும் இல்லை. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.