பூஜ்யமாகிப்போன பந்து

ஒரு பந்தின் கன அளவு பூஜ்யமாக இருக்க முடியுமா? இல்லையென்றால், பூஜ்யம் வரும்படி எந்த இடத்தில் பிசகியது? கொடபாகி சார் எங்களைப் பார்த்து இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது நான் பி.யு.சி. முடித்துவிட்டு, ஹுப்பள்ளியில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேருவதற்காகக் காத்திருந்தேன். வகுப்புகள் இன்னும் தொடங்கவில்லை. நான் சான்றிதழ் கொடுக்கப் போன அன்று, கணிதத் துறையில் ஒரே ஒரு நிரந்தர ஆசிரியர் இடத்துக்கு ஆள் தேர்வு நடந்தது. வந்தவர்கள் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கேட்க ஆள் வேண்டும். சான்றிதழ் கொடுக்க வந்த எங்களில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

விருபாட்ச கொடபாகி அந்தக் கல்லூரிக்குப் புதியவர் அல்ல. பதினொரு வருடமாக அங்கே மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் எடுப்பவர். காலையில் ஹுப்பள்ளியில் கணிதம், மதியம் தார்வாடில் வேறொரு கல்லூரியில் இயற்பியல். நடுவில் பஸ்ஸிலேயே ரொட்டியும், பல்யா என்கிற கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டுவிடுவார். இந்த இடத்துக்கான வயது வரம்பு அவருக்கு இரண்டு மாதத்தில் முடியவிருந்தது. இதெல்லாம் எங்களை அழைத்துப்போன கிளார்க் சொன்னது. "பாவம்ங்க, இது அவருக்குக் கடைசி பஸ்" என்றார்.

அவருக்கு வந்த தலைப்பு: கோள ஆயங்களில் மும்முறைத் தொகையீடு செய்து பந்தின் கன அளவைக் காண்பது. எட்டு நிமிடம்.

நன்றாகத்தான் தொடங்கினார். பந்துக்குள் ஒரு புள்ளியைச் சொல்ல மூன்று அளவு போதும் என்றார். மையத்திலிருந்து தூரம் ரோ. உச்சியிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ஃபை. செங்குத்து அச்சைச் சுற்றி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது தீட்டா. சின்னத் துண்டின் கன அளவுக்கு, ரோவின் வர்க்கத்தை சைன் ஃபையால் பெருக்க வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் சுற்று வட்டங்கள் சிறுத்துவிடுவதால்தான் அந்த சைன் வருகிறது என்று சாக்பீஸைச் சுழற்றிக் காட்டினார். எனக்கே புரிந்தது.

பிறகு எல்லைகளை எழுதினார். ரோவுக்கு பூஜ்யத்திலிருந்து பந்தின் ஆரமான ஆர் வரை. தீட்டாவுக்கு பூஜ்யத்திலிருந்து பை வரை. ஃபைக்கு பூஜ்யத்திலிருந்து இரண்டு பை வரை. ரோவிலிருந்து ஆர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. தீட்டாவிலிருந்து பை வந்தது. ஃபையில் சைனைத் தொகையிட்டபோது பூஜ்யம் வந்தது. மூன்றையும் பெருக்கினார். பூஜ்யம்.

நிர்வாகத்தின் சார்பில் உட்கார்ந்திருந்தவர் சிமென்ட் வியாபாரி. "என்ன சாரே, காத்து இறங்கிப்போச்சா?" என்றார். பெஞ்சில் சிலர் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கொடபாகி சார் தொகையீட்டைத் திரும்பச் சரிபார்த்தார். அதில் பிழை இல்லை. மறுபடி பூஜ்யமே வந்தது. அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பி, எந்த இடத்தில் பிசகியது என்று கேட்டார். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர், பெளவடி மேடம், மெல்ல ஒரு வழி சொன்னார்: "விடை உங்களுக்குத் தெரிஞ்சதுதானே. அதை எழுதிட்டு முடிச்சிடுங்களேன்."

"தெரியும் மேடம். மூணில் நாலு பை ஆர் கனம். ஆனா இந்த வரியிலிருந்து அது வரலையே. வராததை எப்படி எழுதறது?"

நேரம் முடிந்தது. அவர் பலகையை அழிக்காமலே இறங்கிப் போனார்.

இடம் வேறொருவருக்குப் போனது. நிரந்தர ஆள் வந்ததும் கொடபாகி சாருக்கு எங்கள் கல்லூரியில் இருந்த வகுப்புகளும் போய்விட்டன.

நவம்பரில் அதே பாடம் எங்களுக்கு வந்தது. உச்சியிலிருந்து சாயும் கோணம் பை வரைதான் போகும். அதற்குள் அடித்துருவம் வந்துவிடும். முழுச்சுற்று சுற்றுவது மற்றக் கோணம். அவர் எல்லைகளை இடம் மாற்றி எழுதியிருந்தார். இரண்டு பை வரை போனால் சைனின் பின்பாதி குறை எண்ணாகி முன்பாதியைத் தின்றுவிடும். சரியாக எழுதினால் சைன் இரண்டு தரும், சுற்று இரண்டு பை தரும், விடை வந்துவிடும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றே தார்வாடுக்குப் போய், கல்லூரி வாசலில் அவரைப் பிடித்துச் சொன்னேன்.

"படி இறங்கும்போதே தெரிஞ்சிடுச்சும்மா," என்றார். "இங்கே இயற்பியல்ல சாயற கோணத்துக்குப் பேரு தீட்டா, சுத்தறது ஃபை. அங்கே கணிதத்துல தலைகீழ். பதினொரு வருஷம் பஸ்ல ஏறும்போது மாத்திக்குவேன், இறங்கும்போது மாத்திக்குவேன். அன்னிக்கு சைனை அந்த ஊர் முறையில எழுதிட்டு, எல்லையை இந்த ஊர் முறையில போட்டுட்டேன்."

திரும்பப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்றேன். அடுத்த ஆள் உள்ளே போயிருந்தார் என்றார்.

"இனிமே குழம்பாது. ஒரே ஊரு, ஒரே எழுத்து," என்றார். பாதிச் சம்பளம் என்பதை அவர் சொல்லவில்லை. சட்டைக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அந்தப் பூஜ்யத்தைத் தவிர, அன்று அந்த அறையில் அவரைப் பற்றி யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வராத விடையை எழுத மறுத்ததும் அதே எட்டு நிமிடத்தில்தான் நடந்தது. ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் நாற்காலியில் உட்காருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள்.