கரடி சொல்லும் அந்த ஒரு வரி

டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்கு நோட்டு அக்கா என்று பெயர். குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரைத் தமிழில் எழுதுகிறவள். சொதப்புவதற்கு முன் கரடி என்ன சொல்லும், நரி அதை எப்படிக் கிண்டலடிக்கும் என்பதெல்லாம் எபிசோட் எண்ணோடு அவளுடைய நோட்டில் இருக்கும். உலகத்தில் பாதிப் பேர் மடையர்கள், மீதிப் பேர் நோட்டு வைத்துக்கொள்ளாதவர்கள் என்பது அவள் அபிப்பிராயம்.

அவசரம் என்று இருபத்தொன்று முதல் முப்பது வரையான எபிசோடுகளை முதலாளி தன் மச்சானிடம் கொடுத்துவிட்டார். அவனுக்கு எழுத வரும் என்று வீட்டில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கூரை இடிந்தாலும் பாலம் முறிந்தாலும், அதற்கு முன்னால் மூலத்தில் கரடி சொல்வது ஒரே வரிதான். "பயப்படாதீங்க, நான் நல்லா யோசிச்சுட்டேன்!" என்று அவள் எழுதிவந்தாள். அந்த மகானுபாவன் அதைப் பத்து விதமாக எழுதி, பேசவும் வைத்துவிட்டான்.

"ஒரே டயலாக்னா போரடிக்காதாக்கா?"

"உங்களுக்குப் போரடிச்சா தூங்குங்க. பசங்க அந்த வரிக்காகத்தான் உட்கார்ந்திருக்கும். கரடி வாயைத் திறந்ததும் கூடவே கத்தும். தடவைக்கு ஒரு மாதிரி மாத்தினா எதைக் கத்தும்?"

கடைசி எபிசோடில் கரடி முதன்முறையாகப் பயந்து வாயடைத்து நிற்கும். நண்பர்கள் சேர்ந்து அந்த வரியை அதனிடம் திருப்பிச் சொல்வார்கள். வரி பழகியிருக்காவிட்டால் அந்த இடம் உப்புச்சப்பில்லாமல் போய்விடும். அவள் முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றாள். கரடிக்குக் குரல் கொடுப்பவர் வந்து பத்து வரியையும் திரும்பப் பேசினார். அவள் வேண்டுமென்றே மச்சானையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் முகம் சுருங்குவதை ஆசை தீரப் பார்த்தாள்.

அடுத்து முப்பத்தொன்று, கடைசி எபிசோட். கரடி பழசை நினைத்துப் பார்க்கும் காட்சி வந்தது. முதல் எபிசோடிலிருந்து எடுத்த துண்டு, அன்று பதிவான குரலோடு.

"கவலையை விடுங்க, என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு!"

ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். அவள் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். அது மூன்றாவது எபிசோடில்தான் தொடங்கியது. முதல் இரண்டையும் நோட்டு போடுவதற்கு முன்பே எழுதியிருந்தாள். பிறகு வரி மாறியதே அவளுக்கு நினைவில்லை.

"இது யாரு எழுதினதுக்கா?" மச்சான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"நான்தான்."

அவன் பழிவாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் குரலைத் தாழ்த்தி, "விடுங்கக்கா, சின்னப் பசங்கதானே, எவனும் கவனிக்க மாட்டான்" என்றான்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று அவள் மனசு கெஞ்சியது. அப்படிக் கெஞ்சிய தன்மேல் வந்த அருவருப்பு, இந்த மச்சான்மேல்கூட அவளுக்கு வந்ததில்லை.

"கவனிப்பாங்க" என்றாள், அவனைப் பார்க்காமல். "முதல் ரெண்டு எபிசோடையும் போடுங்க. திரும்பப் பேசணும்."