பாதி விலை வேன்

பொள்ளாச்சியில் நானும் மனைவியும் பேக்கரி நடத்தினோம். கடைகளுக்கு ரொட்டி போட வண்டி தேடியபோது ஒரு பழைய பெட்ரோல் வேன் விலைக்கு வந்தது. புது டீசல் மூன்று சக்கர வண்டியின் விலையில் பாதிதான். நான் முன்பணத்தை எடுத்துவிட்டேன்.

"ஏனுங்க, லிட்டருக்கு எத்தன ஓடுமுங்க?" என்று மனைவி வேன்காரரைக் கேட்டாள்.

"எட்டுங்க அம்மணி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தெனமும் அறுவது கிலோமீட்டர் ஓடோணுமுங்க. இதுக்கு ஏழரை லிட்டர் பெட்ரோலு, புது வண்டிக்கு ரெண்டு லிட்டர் டீசலு. ரிப்பேரு வேற. மிச்சம் புடிச்ச காசு ரெண்டு வருசத்துக்குள்ள போயிருமுங்க."

வேன்காரரே சிரித்துவிட்டார். "அதனாலதானுங்க நானும் விக்கறேன்!"

புது வண்டியையே எடுத்தோம். முதல் நாள் ரொட்டி போட்டு முடித்ததும், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆழியாறு வரை ஓட்டினேன். வண்டிச் சத்தத்தில் பேச முடியவில்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனோம்.