ஓட்டமாவடித் தெரு எழுந்து நின்ற பின்னேரம்

மாங்கேணியில் ஓட்டோ ஓட்டும் உதயரூபன் அண்ணனுக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. தன் வண்டி அம்புலன்ஸை விட வேகம் என்பது ஒன்று. தான் வடிவானவர் என்பது மற்றது. இரண்டாவதைப் பற்றி ஊரில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் சீதேவிப்பிள்ளை மாமிக்கு நெஞ்சு இறுகி, இடது கை விறைத்து, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. மகள் சுலோஜனா 1990 அவசர இலக்கத்துக்கு எடுத்தாள். அம்புலன்ஸ் வெளிக்கிட்டுவிட்டது, அம்மாவை நடக்க விடாமல் சாய்த்து இருத்துங்கள் என்றார்கள்.

"அது வந்து திரும்பிறதுக்குள்ள நான் ஆசுபத்திரியில நிப்பன். ஏத்து புள்ள," என்றார் அண்ணன்.

ஏற்றினாள். அவசரம் என்று தெரியட்டுமென வெள்ளைச் சீலைத் துண்டொன்றை ஓட்டோக் கம்பியில் கட்டினாள். பிழை அங்கேதான்.

ஆசுபத்திரிக்குப் போகும் வழியில் ஓட்டமாவடிக் கடைத்தெரு பெருநாள் வாகனங்களால் அடைத்துக் கிடந்தது. அண்ணன் ஹோர்னை அழுத்தினார். முன்னால் நின்ற லொறிக்காரன் சீலையைப் பார்த்தான், உள்ளே சரிந்து கிடந்த தலையைப் பார்த்தான், இயந்திரத்தை நிறுத்தினான். அடுத்தவனும் நிறுத்தினான். உடுப்புக் கடைகளில் விலை பேசியவர்கள் பேச்சை விட்டு எழுந்து நின்றார்கள். பாட்டுப் பெட்டி ஒன்று பாதியில் அடங்கியது. மையித்து, அதாவது பிணம், போகிறதென்று அத்தனை பேரும் மரியாதையாக, அசையாமல், வழியையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

மாமி கண்ணைத் திறந்தார். "ஏன் மனே எல்லாரும் என்னையே பாக்காங்க?"

பக்கத்துக் கடை ஹலீம் காக்கா குனிந்து பார்த்து முகம் வெளிறினார்.

"மூச்சிரிக்கி. சீலையக் கழட்டு தம்பி."

சுலோஜனாவின் போன் அடித்தது. அம்புலன்ஸ்காரர்கள். "எங்க நிக்கிறீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். ஓடத் துடித்தவர் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார். "பள்ளிவாசலடியில எண்டு சொல்லு. நாம அசைய மாட்டம்."

ஹலீம் காக்கா நாலு பேரைக் கூப்பிட்டு மோட்டார் சைக்கிள்களைத் தூக்கி ஓரம் போட்டார். எதிர்ப்பக்கமிருந்து சைரன் வந்தது. மாமியை ஏற்றியதும் அம்புலன்ஸுக்குள் நின்ற பிள்ளை பிரசர் பார்த்து, ஒட்சிசன் அளவு பார்த்து, வயர்களை ஒட்டி, ஆசுபத்திரிக்குச் சொன்னாள். கதவு மூடியது. அண்ணன் பின்னால் விரட்டவில்லை. ஒருவரும் உட்காரவுமில்லை.

மாமி பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தெருவில் நின்றிருந்தால் சொல்ல முடியாது என்றாராம் டொக்டர்.

வீட்டுக்கு வரும்போது அண்ணனின் ஓட்டோதான். அதே தெரு. மாமி வெளியே கையை நீட்டி ஒவ்வொரு கடைக்கும் ஆட்டிக்கொண்டு வந்தார். ஒருவரும் திருப்பி ஆட்டவில்லை.

"பேயெண்டு நினைச்சிருப்பாங்க மாமி."

"அப்ப மெதுவாப் போ. வடிவாப் பாக்கட்டும்."

ஹலீம் காக்கா மட்டும் பாதி எழுந்து, யோசித்து, திரும்பவும் உட்கார்ந்தார்.